பாஸ் ஓவர் குறிப்பில் மருந்தின் அளவு விடுபட்டிருந்தால் என்ன செய்வது?

சிங்கப்பூர் மருத்துவமனை வார்டுகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்த் தாதியருக்காக இதை எழுதுகிறேன். எல்லா மருந்துகளையும் இதில் பேசப்போவதில்லை. வார்ஃபரின் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ரத்தம் உறைவதைத் தடுக்கும் இந்த மருந்தின் அளவு ரத்தப் பரிசோதனையைப் பொறுத்து மாறக்கூடியது. அதனால் 'வழக்கமாக எவ்வளவோ அதுதான்' என்ற ஊகம் இதில்தான் அதிகம் காலை வாருகிறது.

பிற்பகல் ஷிஃப்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மணி இரண்டு. காலை ஷிஃப்டு தாதி தன் தாளைப் பார்த்து ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஷிஃப்டு மாறும்போது நோயாளிகளை இப்படி அடுத்தவரிடம் ஒப்படைப்பதைத்தான் இங்கே பாஸ் ஓவர் என்கிறோம். 14ஆம் கட்டில் ஆண்ட்டியின் பெயருக்கு நேரே 'வார்ஃபரின், இரவு 8 மணி' என்று இருக்கிறது. எத்தனை மில்லிகிராம் என்று இல்லை.

ஆண்ட்டிக்கு 68 வயது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறுக்காகப் பல ஆண்டுகளாக வார்ஃபரின் சாப்பிடுகிறார். சர்க்கரை நோயால் கால் விரலில் புண் வந்து, கிருமி தொற்றி, வார்டில் சேர்ந்து நான்காவது நாள். மருந்துப் பதிவேட்டைத் திறந்தால் போன மூன்று இரவும் 3 மி.கி. கொடுத்திருக்கிறார்கள். மகளைக் கேட்டால், "அம்மாவுக்குத் தினமும் ராத்திரி ஒரு நீல மாத்திரை" என்கிறார். இங்கே பரவலாகப் பார்க்கும் வார்ஃபரின் மாத்திரைகளில் பழுப்பு 1 மி.கி., நீலம் 3, இளஞ்சிவப்பு 5. ஆக, எல்லாமே 3 மி.கி. என்றுதான் சொல்கிறது. விட்டுப்போன இடத்தில் 3 என்று நிரப்பினால் என்ன?

இன்று காலை எடுத்த ஐஎன்ஆர் 3.9. இவருக்கு இருக்க வேண்டியது 2 முதல் 3 வரை. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண் இது. கூடக்கூட ரத்தக் கசிவு ஆபத்தும் கூடும். சேர்ந்த அன்று 2.4 இருந்தது. அப்புறம் புண்ணுக்காக மெட்ரோனிடஸோல் தொடங்கினார்கள். வார்ஃபரினைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றும் வேலையை அந்த மருந்து மெதுவாக்கிவிடும். மாத்திரை அதே 3 மி.கி.தான், ஆனால் உடம்புக்குள் அது பெரிய அளவு போல வேலை செய்கிறது. போன மூன்று நாளும் சரியாக இருந்த அளவே இன்று கூடுதலாகிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. வார்ஃபரின் கொடுத்த அன்றே அதன் முழு விளைவு தெரியாது. இரண்டு மூன்று நாள் ஆகும். தவறான அளவு கொடுத்தாலும் அன்றிரவு ஆண்ட்டி நன்றாகத் தூங்குவார், காலையில் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்கும். நீங்கள் ஆஃப் நாளில் தேக்காவில் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போதுதான் ஐஎன்ஆர் ஏறி நிற்கும். ஊகித்துக் கொடுத்தவருக்கு அது ஊகம் என்று காட்டிக்கொடுக்க அன்றைக்கு எதுவும் இருக்காது. பழக்கம் இப்படித்தான் ஊறுகிறது.

விடுபட்ட இடத்துக்கு நான்கு அர்த்தம்

குறிப்பில் அளவு இல்லையென்றால் நடந்திருக்கக்கூடியவை நான்கு. டாக்டர் அளவைத் தீர்மானித்து ஆர்டரும் போட்டிருக்கலாம், தாதி தாளில் எழுத மறந்திருக்கலாம். இதுதான் நல்ல செய்தி. இரண்டாவது, அளவு இன்னும் தீர்மானிக்கப்படவே இல்லை. ரவுண்டில் "ஐஎன்ஆர் வரட்டும், பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லை. மூன்றாவது, இன்றைக்கு வேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள். ஐஎன்ஆர் கூடியதாலோ, நாளை புண்ணைச் சுத்தம்செய்ய ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவதாலோ. நான்காவது, ஏதோ காரணத்தால் முன்கூட்டியே கொடுத்தாயிற்று. வார்ஃபரினில் இது அபூர்வம், வலி மருந்துகளில் அடிக்கடி நடக்கும்.

தாளைப் பார்த்தால் நான்கும் ஒன்றுபோல்தான் தெரியும். ஆனால் 3 மி.கி. கொடுத்தால் முதலாவதில் சரியாகலாம், மற்ற மூன்றிலும் தவறு.

'சந்தேகம் இருந்தால் கொடுக்காமல் விட்டுவிடு, அதுதான் பாதுகாப்பு' என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். இதே கட்டிலில் இதயத்தில் செயற்கை உலோக வால்வு பொருத்திய ஒருவர் இருக்கிறார், ஐஎன்ஆர் 1.8 என்று வையுங்கள். மைட்ரல் வால்வானால் அவருக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். அவருக்கு இன்றிரவு மருந்தை விட்டால் வால்வில் ரத்தம் உறைந்து, அது மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரும் அபாயம் கூடுகிறது. கொடுக்காமல் விடுவதும் ஓர் ஊகம்தான்.

முதலில், அவர் கிளம்புவதற்குள் கேளுங்கள்

பாஸ் ஓவர் நடக்கும்போதே, அந்த வரியிலேயே நிறுத்துங்கள். கடைசிக் கட்டில் வரை காத்திருந்தால் அவர் பையைத் தோளில் மாட்டியிருப்பார்.

கேட்கும் விதம் முக்கியம். "வார்ஃபரின் 3 தானே, அக்கா?" என்று கேட்டால் எட்டு மணி நேரம் நின்று களைத்தவர் "ஆமாம்மா" என்பார். பொய் சொல்லவில்லை, நீங்கள் கையில் கொடுத்த பதிலைத் திருப்பிக் கொடுக்கிறார், அவ்வளவுதான். எண்ணைச் சொல்லாமல் கேளுங்கள்: "14ஆம் கட்டிலுக்கு வார்ஃபரின் அளவு எழுதவில்லை. இன்றைக்கு ஆர்டர் வந்துவிட்டதா? எவ்வளவு?" அவர் ஒரு எண்ணைச் சொன்னால், "சரி, சேர்ந்தே ஆர்டரைத் திறந்து பார்த்துவிடலாமா?" என்று அங்கேயே திரையைத் திறந்துவிடுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

சீனியரை இடைமறிப்பது நம்மவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ஊரில் சீனியர் சிஸ்டர் சொன்னால் எழுதிக்கொண்டு போய்விடுவோம். இங்கே வார்டில் பிலிப்பீன்ஸ், மியன்மார், சீனா, மலேசியா என்று பல ஊர்க்காரர்கள் ஆங்கிலத்தில் பாஸ் ஓவர் கொடுக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் கேள்வியை எதிர்பார்த்தே நிற்பார்கள், கேட்காமல் தலையாட்டுகிறவரைப் பார்த்தால்தான் அவர்களுக்குக் கவலை. முகம் சுளிப்பவரும் இருப்பார், இல்லையென்று சொல்லமாட்டேன். கேள்வியை அவர் மேல் வைக்காமல் தாளின் மேல் வையுங்கள். "நீங்கள் எழுதவில்லை" என்பதைவிட "இந்த இடத்தில் அளவு இல்லை" என்பது எளிதாக இறங்கும்.

அவர் போனபிறகுதான் கவனித்தீர்களா? தொலைபேசியில் அழைக்கலாம், தவறில்லை. டாக்டர் ரவுண்டில் என்ன சொன்னார் என்பதற்கு அவர் நினைவு உதவும். ஆனால் எம்ஆர்டியில் நின்றபடி அவர் சொல்லும் எண்ணை வைத்து மருந்து சர்வ் செய்ய முடியாது. நோயாளியின் பெயரையோ கட்டில் எண்ணையோ வாட்ஸ்அப்பில் அனுப்பவும் கூடாது.

அடுத்து, ஆர்டரைப் பாருங்கள்

பாஸ் ஓவர் தாள் ஒரு நினைவுக் குறிப்பு. மருந்து கொடுக்க அதிகாரம் தருவது பதிவேட்டில் இருக்கும் டாக்டரின் ஆர்டர் மட்டும்தான். தாளில் எண் இருந்தாலும் இதுதான் நிலை, இல்லாதபோது சொல்லவே வேண்டாம்.

பதிவேட்டில் நான் பார்க்கும் வரிசை இது. இன்றைய தேதிக்கு வார்ஃபரின் ஆர்டர் இருக்கிறதா, அளவும் நேரமும் போட்டது யார்? கடைசியாக எப்போது, எவ்வளவு கொடுத்தார்கள்? இன்றைய ஐஎன்ஆர் என்ன, முந்தையது என்ன? புதிதாக எந்த மருந்து தொடங்கியிருக்கிறது? அப்புறம் ஒரு முறை டாக்டர்களின் குறிப்பையும் புரட்டிவிடுவேன். நாளைக்கு ஆபரேஷன் இருக்கிறது, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை நிறுத்துங்கள் என்று அறுவைப் பிரிவினர் அங்கே எழுதிவைத்திருப்பார்கள், மருந்துப் பக்கத்தில் அது ஏறியிருக்காது.

கணினிப் பதிவேடு நம்மைக் காப்பாற்றும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பல வார்டுகளில் வார்ஃபரினுக்குத் தொடர் ஆர்டர் போடுவதில்லை. ஐஎன்ஆர் பார்த்து அந்தந்த நாளுக்கு மட்டும் போடுவார்கள். ஆர்டர் போட்டுவிட்டு மருந்து கொடுக்காமல் இருந்தால் திரை நினைவூட்டும். ஆர்டரே போடவில்லையென்றால் நினைவூட்ட அதற்கு ஒன்றுமில்லை. எட்டு மணிக்குத் திரையில் எந்தச் சிவப்பும் வராது. அந்த இடைவெளியைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான், அதுவும் தாளில் 'வார்ஃபரின்' என்ற பெயராவது இருந்ததால்.

நம் ஆண்ட்டியின் பதிவேட்டில் இன்றைக்கு ஆர்டர் இல்லை. ஐஎன்ஆர் பதினொன்றரைக்கு வந்திருக்கிறது. டாக்டர் குறிப்பின் கடைசி வரி, ஐஎன்ஆர் பார்த்து வார்ஃபரின் அளவு முடிவாகும் என்கிறது. ஆக, இது இரண்டாவது வகை. யாரும் தீர்மானிக்கவே இல்லை.

இரண்டரைக்கு அழையுங்கள், ஏழேமுக்காலுக்கு அல்ல

மருந்து எட்டு மணிக்குத்தானே என்று தள்ளிப்போடத் தோன்றும். ஆனால் ஆண்ட்டியைத் தெரிந்த டாக்டர் குழு மாலை ஐந்து, ஆறு மணி வாக்கில் கிளம்பிவிடும். அதன்பிறகு இருப்பவர் ஆன் கால் ஹவுஸ்மேன், அதாவது அன்றிரவு முறைப்பணியில் இருக்கும் பயிற்சி டாக்டர். பல வார்டுகள் அவர் தலையில், ஆண்ட்டியை அவர் பார்த்ததே இல்லை. வார்டு மருந்தாளரும் அலுவல் நேரத்தில்தான் எளிதாகக் கிடைப்பார். வார்ஃபரின் விஷயத்தில் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்பது பல சமயம் நல்ல பலன் தரும். மெட்ரோனிடஸோலைப் பார்த்தவுடனே அவர் காதை நிமிர்த்துவார்.

போனை எடுப்பதற்கு முன் கட்டிலுக்கு ஒரு நடை போய்வாருங்கள். ஈறில் ரத்தம் வருகிறதா, சிறுநீர் சிவப்பாக இருக்கிறதா, மலம் கறுப்பாகப் போனதா, கையில் புதிதாக ரத்தம் கட்டி நீலம் பாய்ந்திருக்கிறதா, புண்ணின் கட்டு நனைந்திருக்கிறதா என்று பாருங்கள், கேளுங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது இதைத்தான். "பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்" என்று போனை வைத்தால் மறுபடி அவரைப் பிடிக்க அரை மணி நேரம் ஆகும். ரத்தம் வருகிறது என்றால் விஷயமே வேறு. அப்போது அளவைப் பற்றிய கேள்வியாக இல்லாமல் அவசரமாகவே அழைக்க வேண்டும்.

பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும். சொல்ல வேண்டியதன் வரிசை இப்படி:

"டாக்டர், 14ஆம் கட்டிலைப் பார்க்கும் தாதி பேசுகிறேன். இரவு 8 மணி வார்ஃபரினுக்கு இன்றைய ஆர்டர் இல்லை. இவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இலக்கு 2 முதல் 3. இன்று காலை ஐஎன்ஆர் 3.9, சேர்ந்த அன்று 2.4. நேற்றிரவு 3 மில்லிகிராம் கொடுத்தோம். மூன்று நாளாக மெட்ரோனிடஸோல் போகிறது. ரத்தக் கசிவு எதுவும் இல்லை. இன்றிரவு எவ்வளவு கொடுக்க வேண்டும், அல்லது நிறுத்த வேண்டுமா?"

பெயரும் அடையாள எண்ணும் கேட்டால் சொல்லத் தயாராக வைத்திருங்கள். இங்கேயும் "3 கொடுக்கலாமா?" என்று முடிக்காதீர்கள். தியேட்டருக்கு ஓடிக்கொண்டிருப்பவர் "ம், சரி" என்று சொல்லிவிடக்கூடும். அப்புறம் அது அவர் தீர்மானமா உங்கள் தீர்மானமா என்றே தெரியாது.

சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கள்

டாக்டர் "இன்றைக்கு ஹோல்ட் பண்ணுங்க" என்கிறார். ஐஎன்ஆர் சற்றுக் கூடி, கசிவும் இல்லாதபோது அளவைக் குறைப்பது அல்லது ஒரு வேளை நிறுத்துவது வழக்கமான முடிவுதான். ஆனால் இந்த பதில் இன்னும் முழுமையாகவில்லை. இன்றிரவு மட்டும் நிறுத்தவா, அடுத்த ஆர்டர் வரைக்குமா? ஐஎன்ஆர் மறுபடி எப்போது? கேட்டு வாங்கி, அதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள்: "14ஆம் கட்டில், இன்றிரவு 8 மணி வார்ஃபரின் மட்டும் வேண்டாம், நாளை காலை ஐஎன்ஆர், அதைப் பார்த்து நாளைய அளவு. சரிதானே, டாக்டர்?"

ஒருவேளை அவர் அளவைக் குறைத்திருந்தால், எண்ணை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். 0.5 என்பதில் புள்ளி காதில் விழாவிட்டால் 5 ஆகிவிடும், பத்து மடங்கு. அதனால் "ஜீரோ பாயிண்ட் ஃபைவ்" என்று முழுதாகச் சொல்லுங்கள். எழுதும்போதும் புள்ளிக்கு முன் பூச்சியம் வேண்டும். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூச்சியமும் கூடாது. 1.0 என்று எழுதினால் யாரோ ஒருவர் 10 என்று படிப்பார்.

அதோடு நில்லாமல், கணினியில் அவரே பதிவுசெய்யும்படி கேளுங்கள். அவசர நேரம் தவிர வாய்மொழி ஆர்டரை ஏற்பதில்லை என்பதுதான் பொதுவான நடைமுறை. உங்கள் மருத்துவமனையின் விதி எப்படி என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நிறுத்துவதும் ஓர் ஆர்டர்தான், அதுவும் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் இரவுத் தாதி அதே விடுபட்ட இடத்தைப் பார்த்து, "அட, வார்ஃபரின் விட்டுப்போச்சே" என்று நள்ளிரவில் ஆன் கால் டாக்டரை அழைத்து 3 மி.கி. வாங்கிக் கொடுத்துவிடுவார். அவரும் நல்ல எண்ணத்தில்தான் செய்வார்.

டாக்டர் எடுக்கவில்லையா? எத்தனை மணிக்கு அழைத்தீர்கள் என்று குறித்துவைத்து, பதினைந்து இருபது நிமிடத்தில் மறுபடி அழையுங்கள். அப்போதும் இல்லையென்றால் ஷிஃப்டு இன்சார்ஜிடம் சொல்லிவிட்டு அதே குழுவின் மெடிக்கல் ஆஃபிசர், பிறகு ரெஜிஸ்டிரார் என்று மேலே போகலாம். டாக்டர் திட்டுவாரே என்று புதியவர்கள் தயங்குவது இந்த இடத்தில்தான். இன்சார்ஜிடம் முதலில் சொல்லிவிட்டால் திட்டு உங்களுக்கு மட்டும் என்று ஆகாது.

உங்கள் குறிப்பில் என்ன எழுத வேண்டும்

ஒன்பது மணி வாக்கில் இரவுத் தாதி வருவார். அவருக்கு நீங்கள் கொடுக்கும் வரி இப்படி இருக்கலாம்: 'வார்ஃபரின்: இன்றிரவு 8 மணி வேளை டாக்டர் ஆர்டர்படி நிறுத்தம், ஐஎன்ஆர் 3.9. கடைசியாகக் கொடுத்தது நேற்று 8 மணி, 3 மி.கி. நாளை காலை ஐஎன்ஆர் எடுக்க வேண்டும். நாளைய அளவு இன்னும் முடிவாகவில்லை, காலைக் குழு சொல்ல வேண்டும். கசிவு கவனிக்கவும்.'

இந்த வரியில் 'இன்னும் முடிவாகவில்லை' என்பதை வேண்டுமென்றே எழுதுகிறேன். முடிவாகாததை வெற்றிடமாக விட்டால் அடுத்தவருக்கு மறுபடி அந்த நான்கு அர்த்தங்களும் கிளம்பிவிடும். எழுத ஒன்றும் இல்லாத இடத்தில், யார் எப்போது தீர்மானிப்பார்கள் என்று எழுதுங்கள்.

மகளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கைப்பையில் வீட்டு மாத்திரை வைத்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் மறந்துவிட்டார்கள் போல என்று அன்போடு அந்த நீல மாத்திரையைக் கொடுத்துவிடுவதும் நடக்கும். "ரத்தப் பரிசோதனையில் மருந்து கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது, அதனால் இன்றைக்கு டாக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். வீட்டு மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம்" என்றால் போதும்.

எல்லா மருந்தும் இவ்வளவு நேரம் தராது

வார்ஃபரினில் ஆறு மணி நேரம் கையில் இருந்தது. இன்சுலினில் இருக்காது. இரவுச் சாப்பாட்டுத் தட்டு ஐந்து மணி வாக்கிலேயே வந்துவிடும் வார்டுகள் உண்டு. அதற்கு முன் ஹைப்போகவுண்ட், அதாவது விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை அளவு பார்த்து, ஆர்டரில் உள்ள அளவைச் சரிபார்த்து, இன்னொரு தாதியைக் கவுண்டர் செக்குக்கு அழைக்க வேண்டும். தாளில் இன்சுலின் பெயர் மட்டும் இருந்து அளவு இல்லையென்றால், பாஸ் ஓவர் முடிந்ததும் முதல் வேலை அதுதான். கவுண்டர் செக் செய்பவரிடமும் "16 யூனிட்" என்று நீங்களே சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேட்காதீர்கள். அவரே ஆர்டரைப் படிக்கட்டும், சிரிஞ்சில் உள்ளதைப் பார்த்து எண்ணை அவரே சொல்லட்டும்.

இப்படி ஒரு விடுபடலைப் பிடித்தால், யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றாலும், அசம்பாவிதப் பதிவில் 'நடக்கவிருந்து தடுக்கப்பட்டது' என்ற வகையில் போடலாம். காலைத் தாதியைப் போட்டுக்கொடுப்பதாக ஆகிவிடுமோ என்று தயங்குவீர்கள். அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதிவில் ஆள் பெயரைத் தூக்கிப்பிடிக்காமல், ஐஎன்ஆர் முடிவு 11.30க்கு வந்தும் 2.30 வரை ஆர்டர் இல்லை, பாஸ் ஓவர் தாளில் 'முடிவாகவில்லை' என்று குறிக்க இடம் இல்லை என்று நடந்ததை எழுதுங்கள். தாளின் வடிவத்தை மாற்ற வார்டு மேலாளருக்குக் கையில் ஏதாவது வேண்டும். இதே போன்ற பதிவுகள் மூன்று நான்கு சேர்ந்தால் அது கிடைத்துவிடும்.